புதுப்பிப்பு: கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் சுவருக்குப் பின்னால் சாவது

"சுவர் தாண்டி ஒளிஞ்ச பிறகும் சாகிறேன், 64 டிக் சர்வர்தான் காரணமா?"

128 டிக், அதாவது ஆட்டத்தை நொடிக்கு 128 முறை கணக்கிடும் சர்வர், வந்தால் தீரும் என்றார் ஒருவர். பாதிதான் சரி, ஒரு டிக்குக்கு மிச்சமாவது 7.8 மில்லிசெகண்ட்தான். நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன் போட்ட கணக்கைப் பாருங்கள்: பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், எனக்கு 30 மில்லிசெகண்ட், சுட்டவருக்கு 70. அவர் திரையில் நான் தெரிவது பழைய இடம். சர்வரும் நேரத்தைப் பின்னோக்கி நகர்த்தி, அவர் கண்டபடியே தோட்டாவை ஏற்கிறது. செய்தி எனக்கு வருவதற்குள் இரு பிங்கும் சேர்ந்து 100 மில்லிசெகண்ட். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கத்தியோடு ஓடினால் அந்த நேரத்தில் கடக்கும் தூரம் 25 யூனிட். உடல் அகலமே 32தான்!

அதனால் என் பிங்கையாவது குறைக்க நான் இனி பக்கத்து சர்வரில்தான். எதிராளியின் பிங் நம் கையில் இல்லையே.

வைஃபையில் மாலை மட்டும் தோட்டா பதியவில்லை என்ற தம்பிக்கு: அது தரவு வழியிலேயே தொலைந்துபோகும் பாக்கெட் இழப்பாக இருக்கலாம். கேபிள் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.