கலைச்சொல் விவாதம்: ‘உச்சநகர்த்தல்’ பொருந்துமா?

கயல்விழி:
பாடலுக்குப் படங்களை அடுக்கும் படத்தொகுப்பில் முக்கியமான படம் தோன்றும் நொடியும் பாடல் உச்சத்தைத் தொடும் நொடியும் ஒன்றாக அமையும்படி, பாடலின் பகுதிகளை நீக்கியோ மீண்டும் சேர்த்தோ அமைக்கும் வேலைக்கு ‘உச்சநகர்த்தல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘உச்சநகர்வு’ என்றால் உச்சம் தானே நகர்வதாகிவிடும். இங்கே நகர்த்துபவர் தொகுப்பாளர்.

மாறன்:
‘உச்ச இசைவு’ என்பது செவிக்கு இனிமையாக இருக்கிறதே. மேலும், பாடலை ஏன் வெட்ட வேண்டும்? வேகத்தைச் சற்றுக் கூட்டினாலே உச்சம் முன்னால் வந்துவிடும்.

சிவகாமி:
இரண்டு மூன்று நொடி வேறுபாட்டுக்கு மாறன் சொல்லும் வழி போதும். என் கையில் இருக்கும் பாடலில், இரண்டாம் சரணம் முடிந்து முழு வாத்தியங்களோடு பல்லவி திரும்பும் இடம் 190ஆம் நொடியில் வருகிறது. படமோ 150ஆம் நொடியில் தோன்ற வேண்டும். இதை வேகத்தால் சரிசெய்வதென்றால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூட்ட வேண்டியிருக்கும். பாடகரின் குரல் அதைத் தாங்காது.

நிமிடத்துக்கு 96 அடி, சுற்றுக்கு நான்கு அடி என்பதால் ஒரு தாளச் சுற்று 2.5 நொடி, 40 நொடி என்பது சரியாக 16 சுற்று. முதல் சரணத்தின் நீளமும் அதுவே என்பதால் அதை முழுமையாக எடுத்துவிட்டேன். ஆனால் சரணத்தின் முதல் சொல் சுற்றின் முதல் அடியான சமத்துக்கு அரை அடி முன்பே எடுக்கப்படுவதால், இடையிசையின் முடிவில் அந்தச் சொல்லின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வெட்டுப் புள்ளிகளையும் ஓர் அடி முன்னதாக வரும்படி நகர்த்தினேன். நீக்கிய அளவு மாறவில்லை, துணுக்கு மறைந்தது, பல்லவியின் எடுப்பும் முழுமையாகக் கிடைத்தது. சரணத்தின் கடைசி எழுத்தினுடைய கார்வை மட்டும் அந்த ஓர் அடியில் மெலிதாகக் கேட்கிறது. இணைப்பில் 20 மில்லிநொடி கலப்புக் கொடுத்தும் அது முழுதாகப் போகவில்லை. கண்ணை மூடித் தாளம் போட்டுக் கேட்கும்போது கை தடுமாறவில்லை என்றால் வெட்டு சரியான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

படம் ஒரு நொடியில் மெல்லக் கலந்து வருவதாக இருந்தால், கலப்பை 149ஆம் நொடியில் தொடங்க வேண்டும். சமத்தில் தொடங்கினால், பல்லவி ஒலித்த பிறகே படம் தெளியும்.

இளங்கோ:
நான் விருத்தத்துக்குப் படம் அடுக்குகிறேன். அதில் தாளமே இல்லையே, சுற்றை எப்படி எண்ணுவது?

சிவகாமி:
எண்ண முடியாது, பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில்தான் வெட்ட வேண்டும். அங்கே நொடிக் கணக்கு துல்லியமாக அமையாது என்பதால், மீதியைப் படங்களின் நேரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும்.

கயல்விழி:
அப்படியானால் ‘உச்ச இசைவு’ பாடலை மாற்றுவது, படங்களின் நேரத்தை மாற்றுவது என்ற இரண்டு வழிகளுக்கும் பொதுவான விளைவைக் குறிக்கட்டும்; பாடலை மாற்றும் செயலுக்கு ‘உச்சநகர்த்தல்’ இருக்கட்டும்.

மாறன்:
‘இசைவு’ என்பதைச் சம்மதம் என்று படிப்பார்களோ என்ற ஐயம் இப்போது எனக்கே வருகிறது. ‘உச்சப் பொருத்தம்’ என்பதையும் பரிசீலியுங்கள்.