வாடகை யார் தலையில்? ‘கிளப்பிங்’குக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடி

அருள்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருமான வரி பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கைக்கு வரும் வருமானத்தை வரிக்காக இன்னொருவர் கணக்கில் சேர்க்கும் ‘கிளப்பிங்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ‘கூட்டு வருமானம்’ என்று வைத்திருக்கிறேன். நான் எழுதிய வாக்கியம் இது: “கணவர் தம் வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால், அதன் வாடகை கணவரின் கூட்டு வருமானம் ஆகும்.” சரிதானா?

சேஷாத்ரி எழுதியது:

அன்புள்ள அருள்மொழி, சொல்லும் சரியில்லை, வாக்கியமும் சரியில்லை. சொல்லை முதலில் பார்ப்போம். கூட்டு வட்டி, கூட்டுப் பட்டா, கூட்டுக் குடும்பம் என்று கேட்டுப் பழகியவர்கள் ‘கூட்டு வருமானம்’ என்றதும் இருவரும் பங்குபோட்டுக்கொள்ளும் பணம் என்றே நினைப்பார்கள். இங்கே பங்கே கிடையாது. மனைவி கையில் வந்த பணம் முழுவதும் கணவர் கணக்கில் ஏறுகிறது.

வாக்கியத்தில் இருப்பது பெரிய சிக்கல். வீட்டையே எழுதிக் கொடுத்தால் அங்கே கிளப்பிங் நடப்பதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவுதான் கிளப்பிங். வீட்டு வாடகைக்கோ 27ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. தக்க விலை வாங்காமல் துணைவருக்கோ மைனர் பிள்ளைக்கோ வீட்டைக் கொடுத்தவரே, வாடகைக் கணக்குக்கு இன்னும் உரிமையாளர் என்று அது சொல்கிறது. பிரிந்து வாழும் உடன்பாட்டின் பேரில் துணைவருக்குக் கொடுத்தது இதில் வராது. மணமான மைனர் மகளுக்குக் கொடுத்ததும் வராது. ஆக, வருமானம் மனைவியிடம் பிறந்து கணவரிடம் வந்து சேரவில்லை. சட்டத்தின் பார்வையில் அது கணவரிடமே பிறக்கிறது. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துக்குமரன் எழுதியது:

> சட்டத்தின் பார்வையில் அது கணவரிடமே பிறக்கிறது

ஐயா, எந்த வழியில் போனாலும் வரி கட்டுவது அவர்தானே? இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா? மைனர் பிள்ளை என்றால் அம்மா, அப்பா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும், பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் கழிக்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சொல்லுக்கு என் பரிந்துரை: மனைவியை ‘பினாமி’ என்று எழுதிவிடலாம், மக்களுக்கு உடனே புரியும்.

சேஷாத்ரி எழுதியது:

தம்பி முத்துக்குமரன், மைனர் பெயரில் இருக்கும் வங்கி வைப்பின் வட்டிக்கு நீங்கள் சொன்னது பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது. தந்தை தம் வீட்டைப் பத்து வயது மகனுக்கு எழுதி வைக்கிறார், தாய்க்குச் சம்பளம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பெயரிலுள்ள வைப்பின் வட்டி தாயின் கணக்கில் சேரும். அதே மகனின் வீட்டு வாடகை தந்தையின் கணக்கில்தான் வரும், ஏனென்றால் வீட்டைக் கொடுத்தவர் அவர். அந்த 1,500 ரூபாயும் வாடகைக்குக் கிடையாது. அது 64இன்படி சேரும் வருமானத்துக்கு மட்டும். மகனுக்குப் பதினெட்டு முடிந்ததும் வாடகை அவன் கணக்குக்குப் போய்விடும். மனைவி என்றால் அப்படி வயது எல்லை எதுவும் இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் கையேட்டைப் படிப்பவர் நீங்கள் போட்ட கணக்கைத்தான் போடுவார்.

பினாமி வேண்டவே வேண்டாம். எழுதி வாங்கிய மனைவி முழு உரிமையாளர். விற்கலாம், உயில் எழுதலாம். பினாமிக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, அந்தச் சொல் குற்றத்தின் வாடை உள்ளது.

தேன்மொழி எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இது என் வீட்டுக் கதையாக இருப்பதால் கேட்கிறேன். என் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டை எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். வாடகை மாதம் 25,000, என் கணக்கில்தான் விழுகிறது. வேறு வருமானம் இல்லாததால் எனக்கு வரி வரவில்லை, ரிட்டர்ன் மட்டும் போட்டேன். தவறா? வாடகையைச் செலவழிக்காமல் வைப்பில் போட்டிருக்கிறேன், அதன் வட்டியும் அவருடையதா?

சேஷாத்ரி எழுதியது:

அம்மா, ரிட்டர்ன் போட வேண்டியவர் உங்கள் கணவர். ஆண்டு வாடகை 3,00,000. அவர் கட்டும் வீட்டு வரி 12,000 என்றால், மீதி 2,88,000. அதில் முப்பது விழுக்காடு, 86,400 ரூபாய், கேட்காமலே கழியும். எஞ்சும் 2,01,600 அவர் வருமானத்தில் ஏறும். அவர் முப்பது விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் செஸ் உட்பட ஏறக்குறைய 62,900 ரூபாய் வரி. உங்கள் பெயரில் காட்டியதால் அந்தத் தொகை ஆண்டுதோறும் விடுபட்டிருக்கிறது. நோட்டீஸ் வருமுன் அவர் புதுப்பித்த ரிட்டர்ன் போட்டுக் கட்டுவது நல்லது. ஓராண்டுக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 25 விழுக்காடு கூடுதல், அடுத்த ஆண்டு என்றால் 50. அந்த ஓராண்டு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைப்பின் வட்டி உங்களுடையதே. சேர்ந்த வருமானம் போடும் குட்டிக்குச் சட்டம் போகாது.

தேன்மொழி எழுதியது:

குட்டி உங்களுக்கு, தாய் ஆடு உங்கள் கணவருக்கு என்கிறீர்கள். சரி, அவரிடம் நீங்களே சொல்லுங்கள் ஐயா, நான் சொன்னால் எடுபடாது.

அருள்மொழி எழுதியது:

இப்போது இரண்டு சொல் தேவை என்று புரிகிறது. கிளப்பிங்குக்கு ‘சேர்ப்பு வருமானம்’. 27ஆம் பிரிவின் ‘டீம்ட் ஓனர்’க்கு ‘கருதப்படும் உரிமையாளர்’. ஆனால் ரிட்டர்ன் படிவத்தில் ‘டீம்ட் லெட் அவுட்’ என்று ஒன்று வருகிறதே, காலியாகக் கிடக்கும் வீட்டை வாடகைக்கு விட்டதாக வைத்துக்கொள்வது. இரண்டிலும் ‘கருதப்படும்’ வந்தால் குழம்பாதா?

முத்துக்குமரன் எழுதியது:

‘கருதப்படும்’ என்றால் யார் கருதுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரரா? ‘வரிக்கண் உடைமையாளர்’ என்றால் என்ன? வரியின்கண், வரித்துறையின் கண்ணில். இரண்டு பொருளும் உட்காருகிறது.

சேஷாத்ரி எழுதியது:

பாதிக்குப் பாதி பிடித்திருக்கிறது. ‘உடைமையாளர்’ நல்ல சொல். ‘உரிமையாளர்’ மனைவிக்கு இருக்கட்டும், பத்திரம் அவரிடம். ‘வரிக்கண்’ மட்டும் செய்யுள்போல ஒலிக்கிறது.

ஒன்று கவனியுங்கள். இந்த ஏற்பாடு வாடகைக் கணக்கோடு நின்றுவிடும். நாளை தேன்மொழி அம்மா அந்த வீட்டை விற்றால், லாபத்துக்கு 27ஆம் பிரிவு எட்டாது. அங்கே 64 வந்து லாபத்தைக் கணவரோடு சேர்க்கும். ஒரே வீடு, வாடகைக்கு ஒரு வழி, விற்பனை லாபத்துக்கு வேறு வழி. கணவர் வீட்டுக்குப் பதில் 40 லட்சம் பணம் கொடுத்து, மனைவி தம் 10 லட்சத்தையும் போட்டு வாங்கியிருந்தாலும் 64தான். வாடகை வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு கணவரோடு சேரும், ஒரு பங்கு மனைவிக்கு.

அருள்மொழி எழுதியது:

அப்படியானால் ‘சேர்ப்பு வருமான’த்தை உறுதிசெய்கிறேன். வாக்கியத்தையும் மாற்றிவிட்டேன்: “கணவர் தம் வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாலும், வாடகைக் கணக்கில் அவரே வரிவழி உடைமையாளர்.” ‘வரிக்கண்’, ‘வரிவழி’ இரண்டையும் அச்சுப்படியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

முத்துக்குமரன் எழுதியது:

‘வரிவழி’ என்றால் வரி போகும் பாதை என்று படிப்பார்கள். நான் இன்னும் ‘வரிக்கண்’ பக்கம்தான்.