அளவுத்திருத்தமா, அளவொப்பா? சமையற்கூடத் தெர்மோமீட்டருக்கு ஒரு சொல் வேண்டும்

மாலதி, பிறை:

எல்லாருக்கும் வணக்கம். பிறையில் ஒரு மையச் சமையற்கூடத்தில் தரம் பார்ப்பது என் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு இங்கிருந்துதான் போகிறது. கோழியின் நடுவில் குத்தி 75 டிகிரி வந்ததா என்று பார்க்கிற தெர்மோமீட்டரை, ஐஸ் தண்ணீரிலும் கொதிக்கிற தண்ணீரிலும் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிறோம். பதிவேட்டைத் தமிழிலும் அடிக்கச் சொன்னார்கள். மலாயில் அந்தப் பத்திக்குப் ‘பெனெந்துகுரான்’ என்று தலைப்பு. நான் ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டேன்.

அதனால் ஒரு வினை வந்தது. வட்ட முகமும் முள்ளும் உள்ள தெர்மோமீட்டர் ஒன்று இருக்கிறது. காலை ஷிப்டு தம்பி ஐஸ் தண்ணீரில் வைத்தான், 3 காட்டியது. தலைப்பில் ‘திருத்தம்’ என்று இருக்கிறதே என்று முகத்துக்குக் கீழே உள்ள நட்டைத் திருகி 0-க்குக் கொண்டுவந்துவிட்டு ‘சரி’ என்று எழுதினான். மாலை ஷிப்டில் கொதிநீரில் வைத்தார்கள், 97. அவர்கள் அதை 100-க்குத் திருகிவிட்டு ‘சரி’ என்று எழுதினார்கள். மறுநாள் காலை மறுபடியும் 3. இப்படியே இரண்டு வாரம். பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் முழுக்கச் ‘சரி’. காலைச் சமையலில் மட்டும் கோழி காய்ந்துபோகிறது என்று புகார் வந்த பிறகுதான் நான் நேரில் நின்று பார்த்தேன். சொல்லில்தான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

சண்முகம், ஈப்போ:

அம்மா மாலதி, நீங்கள் பிடித்தது சரியான இடம். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைத்தான் செய்தேன். கருவியை, உண்மை தெரிந்த ஒன்றோடு வைத்துப் பார்த்து, எவ்வளவு விலகி நிற்கிறது என்று எழுதுவது ஒரு வேலை. நட்டைத் திருகுவது இன்னொரு வேலை. முதல் வேலையில் கருவியை யாரும் தொடக்கூடாது. ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல் இரண்டாவது வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு முதல் வேலையை மறைத்துவிடுகிறது. பையன்கள் மேல் குற்றமில்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள்.

‘அளவொப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது. பேச்சில் ‘ஒப்புப் பார்’.

சொல்லை முடிவு செய்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மாலையில் திருகியது திருகியபடியே இருக்கட்டும். நட்டில் கை வைக்காமல், ஒரே ஆள், ஒரே நேரத்தில் ஐஸிலும் கொதிநீரிலும் வைத்து இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். நட்டு முள்ளை மொத்தமாக நகர்த்தும், அவ்வளவுதான். கீழே மூன்று ஏற்றினால் மேலேயும் மூன்று ஏறும். அதனால் இந்த இரண்டு எண்ணும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்லும்.

ரகு, பிரிக்பீல்ட்ஸ்:

வணக்கம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். இதற்கு இவ்வளவு பேச்சு தேவையா என்று தெரியவில்லை. நான் டிஜிட்டல்தான் வைத்திருக்கிறேன். கிளாஸில் தண்ணீர் ஊற்றி நாலு ஐஸ் கட்டி போடுவேன், ஊசியை விடுவேன், பொத்தானை அழுத்தினால் 0 ஆகிவிடும். கொதிநீரெல்லாம் வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்வதுதான் மிச்சம். அந்த முள் தெர்மோமீட்டரைத் தூக்கிப் போடுங்கள் அக்கா.

சொல் என்றால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்தக் கருவிக்கே தமிழில் பேர் இல்லையே. என் அப்பா அரிசிக்கடையில் மூட்டைக்குள் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற கம்பியைக் குத்தூசி என்பார். ‘குத்தூசி வெப்பமானி’ என்றால் என்ன?

சண்முகம், ஈப்போ:

ரகு, குத்தூசி அருமையான சொல். ஆனால் நாலு ஐஸ் கட்டி விஷயத்தில் பாதிதான் சரி. ஐஸ் மிதக்கும். மேலே 0 இருந்தாலும் கிளாஸின் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கியிருக்கும், ஏனென்றால் 4 டிகிரியில்தான் தண்ணீரின் அடர்த்தி அதிகம். உங்கள் ஊசி அடியில் இருந்த நேரத்தில் பொத்தானை அழுத்தியிருந்தால், 4-ஐ 0 என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அதன்பிறகு உங்கள் குளிர்பெட்டியில் 8 டிகிரி இருந்தாலும் 4 என்றுதான் காட்டும்.

கிளாஸ் முழுக்க நொறுக்கிய ஐஸ் போட வேண்டும். இடைவெளி நிரம்புகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கி, சில நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். ஐஸ் அடிவரைக்கும் இருக்க வேண்டும். ஊசி பக்கத்திலும் அடியிலும் படக்கூடாது. தண்ணீரே ஊற்றாமல் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸில் நேராகக் குத்தினாலும் தப்பு, அது 0-க்கும் கீழே இருக்கும்.

கவிதா, தானா ராத்தா:

எனக்கும் இதே பிரச்சினைதான்! கேமரன் மலையில் தங்கும் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஐஸில் சரியாக 0. கொதிநீரில் 95-க்கு மேல் ஏறவே இல்லை. கெட்டுப்போனது என்று இரண்டு தெர்மோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்றாவதும் அப்படியே. எந்தக் கடையில் நல்லது கிடைக்கும்?

சண்முகம், ஈப்போ:

கவிதா, மூன்றும் நல்ல தெர்மோமீட்டர்கள்தான். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறையில் 100, பினாங்குக் கொடிமலை உச்சியில் 97 சொச்சம். தயவுசெய்து 100-க்குத் திருகிவிடாதீர்கள். திருகினால் 70 டிகிரிக் கோழி 75 என்று காட்டும், உள்ளே வேகாமலே பரிமாறிவிடுவீர்கள். ஐஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, மலையிலும் 0-தான்.

மாலதி, பிறை:

ஐயா, சொன்னபடி செய்தேன். ஐஸில் 3, கொதிநீரில் 100. நட்டைத் தொடவில்லை. அப்படியென்றால் ஒரு முனை சரி, ஒரு முனை தப்பு. கருவி கெட்டுவிட்டதா? இன்னொன்று. எங்களிடம் உள்ள டிஜிட்டலை அதே ஐஸ் கோப்பையில் வைத்தால் 0.2 காட்டுகிறது.

ரகு, பிரிக்பீல்ட்ஸ்:

அதைத்தானே சொன்னேன், தூக்கிப் போடுங்கள் என்று.

சண்முகம், ஈப்போ:

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ஒரே கோப்பையில் டிஜிட்டல் 0.2 என்றால் ஐஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மாலதி, அந்தக் கோப்பை எவ்வளவு உயரம்? முள் தெர்மோமீட்டரின் தண்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். நுனியிலிருந்து அதுவரைக்கும், ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே உலோகச் சுருள் இருக்கிறது. அந்த நீளம் முழுவதும் சேர்ந்துதான் வெப்பத்தை உணரும். டிஜிட்டல் நுனியில் மட்டும் உணரும்.

மாலதி, பிறை:

டீ கோப்பை, ஐயா. தண்டு மூன்று சென்டிமீட்டர்தான் உள்ளே போயிருக்கும். மிச்சம் வெளியே அடுப்படிச் சூட்டில். கொதிநீர் மட்டும் ஆழமான பானையில்.

இப்போதுதான் உயரமான டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, பள்ளத்தைத் தாண்டி இறக்கிப் பார்த்தேன். முள் 0-இல் நிற்கிறது! கருவியில் எந்தக் குறையும் இல்லை. தினமும் காலையில் நல்ல கருவியைத் திருகி எல்லாவற்றையும் 3 குறைவாகக் காட்ட வைத்திருக்கிறோம். கோழி 75-க்கு வந்த பிறகும் 72 என்று காட்டியதால் இன்னும் வேகவிட்டார்கள், காய்ந்துவிட்டது. அதைவிட எனக்குப் பயமாக இருப்பது குளிர்பெட்டி. காலையில் 4 என்று எழுதியபோதெல்லாம் உண்மையில் 7 இருந்திருக்கலாம்.

‘சரி’ என்று எழுதாமல் 3, 97, 3, 97 என்று எண்ணை எழுதியிருந்தால் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும்.

அமுதன், ஜார்ஜ்டவுன்:

தமிழாசிரியனாகச் சில வார்த்தை. ‘அளவுத்திருத்தம்’ ஏற்கெனவே பலரும் எழுதுகிற சொல். அதைக் கைவிட்டால் ஆளுக்கொரு சொல் புழங்கும், படிக்கிறவர்களுக்குக் குழப்பம். முதலில் ‘சீர்தூக்கல்’ நினைத்தேன், தராசுச் சொல் என்பதால். ஆனால் இன்றைக்கு அது நன்மை தீமையை ஆராய்வது என்றாகிவிட்டது, அடுப்படிக்கு ஒத்துவராது.

மாலதி குறிப்பிட்ட மலாய்ச் சொல்லைப் பாருங்கள். ‘தெந்து’ என்றால் உறுதி, ‘உகுர்’ என்றால் அள. அளவை உறுதி செய்வது. அதில் திருத்தம் இல்லை. திருகிச் சரிசெய்வதற்கு அவர்கள் ‘பெலாராசான்’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நமக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதில் சண்முகம் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் ‘அளவொப்பு’ என்று கேட்டால் எனக்கு ஒப்புதல், கையொப்பம் நினைவு வருகிறது. ‘அளவுறுதி’ எப்படி?

சண்முகம், ஈப்போ:

‘அளவுறுதி’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம். ஒப்பிட்டுப் பார்த்தபின் கருவி தப்பு என்றும் தெரியவரலாம். அப்போது உறுதியானது என்ன? ‘ஒப்பு’ முடிவை முன்கூட்டிச் சொல்வதில்லை. ‘ஒப்புப் பார்த்தேன், 3 விலகல்’ என்று இயல்பாகச் சொல்லலாம். ‘உறுதி பார்த்தேன், 3 விலகல்’ என்றால் இடிக்கிறது.

அமுதன், ஜார்ஜ்டவுன்:

வினையாக வரும்போது ‘ஒப்பு’ முந்துகிறது, ஏற்றுக்கொள்கிறேன். பாடநூலுக்குரிய பெயர்ச்சொல்லாக ‘அளவுறுதி’யை இன்னும் விடவில்லை.

மாலதி, பிறை:

பதிவேட்டை மாற்றி அடித்துவிட்டேன். முதல் பத்தி ‘ஐஸ் ஒப்பு’, இரண்டாவது ‘கொதிநீர் ஒப்பு’. இரண்டிலும் எண் மட்டும் எழுத வேண்டும், ‘சரி’ என்ற சொல்லுக்கே இடமில்லை. மூன்றாவது ‘விலகல்’. கடைசியில் ‘திருத்தம்’, அதில் என் கையெழுத்து இல்லாமல் யாரும் நட்டைத் தொடக்கூடாது. ஒரு டிகிரிக்குள் விலகல் இருந்தால் திருத்தமே கிடையாது என்று வைத்திருக்கிறோம். டீ கோப்பையை எடுத்துவிட்டு உயர டம்ளர் ஒன்றைத் தெர்மோமீட்டரோடு சேர்த்துக் கட்டி வைத்தேன்.

இன்று காலை அந்தத் தம்பி தானாக வந்து, “அக்கா, ஒப்புப் பார்த்தாச்சு, ஐஸ் பூஜ்யம், கொதி நூறு” என்றான்.

ரகு அண்ணே, கருவியின் பெயர் பத்தியை இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். ‘குத்தூசி’ என்று மட்டும் எழுதினால் மூட்டை தைக்கிற ஊசி என்று நினைக்கிறார்கள். ‘குத்தூசி வெப்பமானி’ கட்டத்துக்குள் அடங்கவில்லை. உங்கள் கடையில் பையன்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.