புதுப்பிப்பு: கிரைண்டர் கையேட்டை அரபிக்கு மாற்றியது

என் கேள்வி: "புகைப்படமாக உள்ள கையேட்டின் எச்சரிக்கைக் குறிகளையும் படிக் குறிப்புகளையும் அரபியில் எழுதும்போது, படிகளின் வரிசை மாறாமல் இருக்க என்ன செய்வது?"

உதவிய அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்து, தாள் மதுரையிலேயே அச்சாகிவிட்டது.

பலன் தந்தது சிவகாசி அச்சக நண்பர் சொன்ன வழி: ஒவ்வொரு படத்தையும் அதன் எண், குறிப்போடு தனித்தனியாக வெட்டி, முதல் படி வலது ஓரத்தில் வரும்படி அடுக்கினேன். பக்கம் முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம் என்ற யோசனையில் வரிசை சரியாகவே வந்தது. ஆனால் கல் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் எதிர்த்திசைக்குப் போய்விட்டதால் அதைக் கைவிட்டேன். முக்கோணத்துக்குள் இருக்கும் மின்னல் குறியையும் தொடாமல், அதன் கீழுள்ள வாசகத்தை மட்டும் மாற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று: அரபி எழுத்தை அடுத்து வந்த 220-240 V என்பது திரையில் 240-220 எனத் தெரிந்தது. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத U+200E குறியைச் சேர்த்ததும் சரியானது.

படி எண்களை 1, 2 என்று விடுவதா, ١, ٢ என்று மாற்றுவதா என்பதில் மட்டும் வாங்குபவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.