4 நிமிட வேலைக்கு 15 நிமிடக் கட்டணம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வலைப்பின்னல் (கோவை):
சிறு நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரித்துக் கொடுக்கிறேன். மணிக்கு 1,200 ரூபாய். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது 15 நிமிடம், அதைத் தாண்டினால் அடுத்த 15-க்கு உயர்த்திக் கணக்கிடுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறேன். இரண்டு வருடங்களாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் ஒரே காலையில் ஏழு வாட்ஸ்அப் செய்திகள் அனுப்பினார். தொலைபேசி எண்ணை மாற்றுவது, ஒரு படத்தை நீக்குவது, விலைப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்துவது போன்ற வேலைகள். டைமரில் பதிவானவை 4, 6, 3, 12, 17, 8, 5 நிமிடங்கள். மொத்தம் 55 நிமிடம். பில்லில் அதுவே 15, 15, 15, 15, 30, 15, 15 என்று இரண்டு மணி நேரமாகி, 2,400 ரூபாய் ஆனது.

அவர் பில்லையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். "முதல் செய்திக்கு நீங்கள் 10.05-க்குப் பதில் போட்டீர்கள். கடைசி வேலை முடிந்தது என்று 11.10-க்குச் சொன்னீர்கள். நடுவில் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். ஒப்பந்தப்படி நான் செய்தது சரி. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

சொல்லேர்:
நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு வரி அனுப்பினாலும் 250 சொற்களுக்கான தொகையை வாங்கிவிடுவேன். கோப்பைத் திறப்பது, படித்துப் பார்ப்பது, அனுப்புவது எல்லாம் வேலைதானே? 2,400 ரூபாயை விட்டுக்கொடுக்காதீர்கள் அக்கா.

வலைப்பின்னல்:
உங்களுடையது ஒரு கோப்புக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை. என் சிக்கல் அதுவல்ல. ஒரே மணி நேரத்தில் அந்தக் குறைந்தபட்சம் ஏழு முறை விழுகிறது.

மணிக்கணக்கு:
பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சில நாள் கூடும், சில நாள் குறையும். மாதக் கடைசியில் சமமாகிவிடும். மூன்று வருடங்களாக நான் 15 நிமிடக் கணக்கில்தான் பில் போடுகிறேன்.

கோப்புக்கட்டு (சென்னை):
பதினொரு வருடங்களாக ஓர் அமெரிக்க வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இங்கிருந்து நேரப் பதிவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன். இந்தத் தகராறைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மணிக்கணக்கு சொல்வது, அருகில் உள்ள 15-க்கு மாற்றினால் மட்டுமே பொருந்தும். அப்படிச் செய்தால் 4, 6, 3, 5 எல்லாம் பூஜ்யமாகிவிடும். 12, 17, 8 மூன்றும் 15 ஆகும். 55 நிமிடம் உழைத்ததற்கு 45 நிமிடம்தான் கிடைக்கும். எப்போதும் மேலே உயர்த்தினால் சமமாக வழியே இல்லை. ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டு போகும்.

வழக்கறிஞர்களிடம் அலகு 6 நிமிடம், அதாவது மணியில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் ஏழு வேலைகளை அதில் போட்டால் 66 நிமிடம், 1,320 ரூபாய். அலகு சிறியதானால் வீக்கமும் சிறியதாகிறது. ஆனால் அங்கும் ஒரு நிமிட மின்னஞ்சல்கள் நான்கை அடுத்தடுத்து அனுப்பிவிட்டு 24 நிமிடம் எழுதினால், பில்லைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த நாளில் பில் போட்ட நேரம், முதல் வேலை தொடங்கியதிலிருந்து கடைசி வேலை முடியும்வரை கடிகாரம் ஓடிய நேரத்தை மிஞ்சுகிறதா? உங்களுக்குக் கடிகாரம் 65 நிமிடம் ஓடியது, பில் 120. உங்கள் வாடிக்கையாளர் பிடித்ததும் அதைத்தான்.

வலைப்பின்னல்:
அப்படியானால் ஏழையும் சேர்த்து "தளத் திருத்தங்கள், 1 மணி" என்று ஒரே வரியாக எழுதிவிடலாமா?

கோப்புக்கட்டு:
வேண்டாம் அம்மா. அது வேறு தகராறைக் கொண்டுவரும். எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாத பெரிய வரியைப் பார்த்தாலே வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வரும். எங்கள் துறையில் அப்படி எழுதியதற்காகவே தொகையைக் குறைத்த நீதிமன்றங்கள் உண்டு.

ஏழு வரிகளும் ஏழாகவே இருக்கட்டும், உண்மையான நிமிடங்களோடு. உயர்த்துவதை மட்டும் கடைசியில், ஒரே அமர்வில் செய்தவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒரே முறை செய்யுங்கள். 55 என்பது 60 ஆகும், 1,200 ரூபாய். அமர்வு என்றால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நான் பார்த்ததில் நன்றாக ஓடிய விதி இது: முந்தைய வேலை முடிந்து 30 நிமிடத்துக்குள் அதே வாடிக்கையாளரின் அடுத்த வேலையைத் தொடங்கினால், அது அதே அமர்வு. இரவு 9 மணிக்குத் தனியாக வரும் 4 நிமிட வேலைக்கு அப்போதும் 15 நிமிடம் உண்டு. குறைந்தபட்சம் வைப்பதே அதற்காகத்தானே? கையில் இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவதற்கான ஈடு அது. ஏழும் வரிசையாக வந்தபோது நீங்கள் ஒரு முறைதான் தாவினீர்கள்.

நூல்கண்டு (திருப்பூர்):
நான் பணம் கொடுக்கும் பக்கம் இருப்பவன். எங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் 15 நிமிடக் கணக்குதான். அந்த விதியில் எனக்குக் குறையில்லை. விதி இப்படி வேலை செய்யும் என்பது பில் வந்த பிறகு தெரிந்ததுதான் வலித்தது. நினைவு வந்தபோதெல்லாம் ஒரு செய்தி தட்டிவிடுவேன், ஒவ்வொன்றும் 300 ரூபாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவர் ஒரு நாள் மூன்றாவது செய்திக்கே, "அண்ணா, இன்று வேறு ஏதாவது இருந்தால் சேர்த்தே அனுப்புங்கள், ஒன்றாகக் கணக்கிட்டுவிடுகிறேன்" என்றார். அன்றிலிருந்து மாலை 4 மணிக்கு ஒரே பட்டியலாக அனுப்புகிறேன்.

கட்டம்:
என் அனுபவம் வேறு. விதி சரியாக இருந்தும் கணக்குத் தாள் ஏமாற்றியது. தொடங்கிய நேரம் A, முடித்த நேரம் B என்று வைத்து, கழித்ததை அப்படியே `CEILING`-க்குக் கொடுத்திருந்தேன். சரியாக 45 நிமிடம் ஆன சில வரிகள் 60 என்று வந்தன. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. கழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மிஞ்சினால், அது அடுத்த அலகுக்குத் தாவிவிடும். முதலில் முழு நிமிடமாக்கிவிட்டு, D-யில் அமர்வு எண்ணைப் போட்டு, அமர்வு வாரியாகக் கூட்டிய பிறகே உயர்த்துகிறேன்.

```
C2: =ROUND((B2-A2)*1440,0)
F2: =CEILING(SUMIF(D:D,E2,C:C),15)
```

E-யில் அமர்வு எண்கள். நள்ளிரவைத் தாண்டும் வேலை என்றால் `B2-A2` இருக்கும் இடத்தில் `MOD(B2-A2,1)`.

மணிக்கணக்கு:
கோப்புக்கட்டு ஐயா சொன்ன பிறகு என் சென்ற மாதப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் மேலேதான் உயர்த்தியிருக்கிறேன். சமமாகும் என்று நான் சொன்னது தவறு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். டைமர் 15 நிமிடம் 20 விநாடி காட்டினால் 30 போடலாமா?

கோப்புக்கட்டு:
விதிப்படி போடலாம். நான் போட விடமாட்டேன். 3 நிமிடம்வரை மேலே போனால் கீழேயே நிறுத்தும்படி எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு இடங்களில் அப்படி இல்லை.

சொல்லேர்:
20 விநாடிக்கு 300 ரூபாயை நானும் கேட்கமாட்டேன். ஆனால் 3 நிமிடம் என்பது தாராளம். மாதம் 40 அமர்வு இருப்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

வலைப்பின்னல்:
அந்த வாடிக்கையாளருக்கு இன்று திருத்திய பில் அனுப்பிவிட்டேன். ஏழு வரிகள், உண்மையான நிமிடங்கள், கீழே "ஒரே அமர்வு: 55 நிமிடம், கணக்கிட்டது 60". 1,200 ரூபாய் குறைந்தது. மாலையே பணம் வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்திருக்கிறது: "சென்ற ஆண்டு பில்களில் இதே மாதிரி நாட்கள் இருக்கின்றனவா?" இருக்கின்றன. டைமர் பதிவுகள் மார்ச் முதல்தான் என்னிடம் உள்ளன. அதற்கு முன்பு உயர்த்திய எண்களை மட்டுமே எழுதி வைத்திருக்கிறேன். அந்த மாதங்களை எப்படிப் பிரிப்பது என்று யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.