மெர்ஜ் கட்டத்தில் ஹார்ட் டிஸ்க் தவழ்கிறது, உதவுங்கள்

40 ஜிபி லாக் ஃபைலை நேர வரிசைப்படி அடுக்க வேண்டும், மெஷினில் ரேம் 4 ஜிபிதான். 2 ஜிபி துண்டுகளாகப் படித்து, ஒவ்வொன்றையும் சார்ட் செய்து டிஸ்க்கில் எழுதிவிட்டேன், மொத்தம் 20 துண்டு, அதுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் 20 ஃபைலையும் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொன்றின் முதல் வரியையும் ஹீப்பில் போட்டு, சிறியதை எடுத்து எழுதும்போதுதான் நத்தை வேகம். சிபியூ சும்மா இருக்கிறது, `iostat`-ல் `%util` மட்டும் 100.

துண்டுக்கு 4 கேபி பஃபர்தான் கொடுத்திருந்தேன். அப்படியென்றால் சுமார் ஒரு கோடி முறை படிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் டிஸ்க் தலை வேறு துண்டுக்குத் தாவினால் (தாவலுக்கு 10 மில்லிசெகண்ட்) ஒரு நாளுக்கு மேல் ஆகும். 64 எம்பி ஆக்கினால் 640 முறை போதும், ரேமும் 1.3 ஜிபிக்குள் அடங்கும். இது சரியா, அல்லது ஐந்தைந்தாக இரண்டு சுற்றில் மெர்ஜ் செய்யலாமா? அப்படிச் செய்தால் 40 ஜிபியை இன்னொரு தடவை எழுதிப் படிக்க வேண்டுமே என்றுதான் தயங்குகிறேன்.