ஆட்டுக்கிடாவும் வேலியும்: ஜெர்மன் மரபுத்தொடரைத் தமிழில் தந்தபோது நேர்ந்தது

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்காக ஜெர்மன் பொறியாளர் ஒருவர் எழுதிய ஆய்வறிக்கையின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. உதிரிப் பாகங்களை விற்கும் ஒப்பந்ததாரரிடமே அவற்றின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதைக் குறிக்க அவர் 'டென் பொக் ட்ஸும் கெர்ட்னர் மாஹென்', அதாவது ஆட்டுக்கிடாவைத் தோட்டக்காரனாக்குதல், என்ற தொடரை 'நாம்' என்ற எழுவாயுடன் எழுதியிருந்தார். முதலில் மொழிபெயர்த்தவர் அதற்கு 'வேலியே பயிரை மேய்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்.

படித்தவுடன் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அறிக்கையின் அடுத்த வாக்கியம், இதுவரை குறைபாடுள்ள பாகம் எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது. வேலி மேய்ந்தது என்றால் பயிர் போய்விட்டது என்று பொருள்; காவல் காக்க வேண்டியவர் துரோகம் செய்துவிட்டார் என்றும் பொருள். ஜெர்மன் தொடரில் கிடாவின் மீது குற்றமில்லை, மேய்வது அதன் இயல்பு. அதைத் தோட்டத்துக்குள் விட்டவருடைய மதியீனமே அங்கே பழிக்கப்படுகிறது. பொறியாளர் தம் நிர்வாகத்தைக் கடிந்துகொண்ட வாக்கியம், தமிழில் ஒப்பந்ததாரரைத் திருடன் என்று சொல்லும் வாக்கியமாக மாறியிருந்தது.

நான் அதை 'பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோல் நாமே செய்துவிட்டோம்' என்று மாற்றினேன். பூனையைக் காவல் வைத்தவர் ஒருவர் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறார். பால் குடிக்கப்பட்டதா இல்லையா என்பது திறந்தே நிற்கிறது. 'நாமே' என்பதை விட்டிருந்தால் பழி மறுபடியும் பூனையின் பக்கம் சாய்ந்திருக்கும்.

பெரம்பூர் வாத்தியார்:
நல்ல பழமொழிக்கு நல்ல பழமொழி தமிழில் எப்போதும் உண்டு என்பதே என் கருத்து. ஆப்பிள் மரத்தடியிலிருந்து தொலைவில் விழாது என்று அவர்கள் சொன்னால், 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று நாம் சொல்கிறோம். உங்கள் அறிக்கைக்கு 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்பது இன்னும் செறிவாக இருந்திருக்குமே.

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஆப்பிளும் சேலையும் பெரும்பாலும் பொருந்தும் என்பதை ஏற்கிறேன், ஜெர்மனில் அதைக் குறை சொல்லவே அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்றாலும். ஆனால் நீங்கள் காட்டும் மற்றப் பழமொழி இரு பக்கமும் நல்லவனாக நடிப்பவனைக் குறிக்கிறது. அதிலும் பால் உண்டு, பூனை உண்டு. நியமித்தவர் மட்டும் இல்லை. அதை எழுதினால் ஒப்பந்ததாரர் திருடனிலிருந்து இரட்டை வேடக்காரராக மாறுவார், அவ்வளவுதான்.

ராயபுரம் செவிலியர்:
இங்கே பேசப்படுவதற்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்வதற்காக பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். கேட்டல் பயிற்சி ஒன்றில், நோயாளியின் மனைவி 'டாஸ் கேட் மிர் ஆன் டீ நீரன்', சொல்லுக்குச் சொல் அது என் சிறுநீரகத்தைத் தாக்குகிறது, என்றார். என் அருகில் இருந்த தோழி, அந்த அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று குறிப்பெழுதிவிட்டாள். மனத்தை அது உலுக்கிவிட்டது என்பதே அதன் பொருளாம். மருத்துவமனையில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
எது சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று கவனியுங்கள் அம்மா. ஒரு செய்தியோ மரணமோ எழுவாயாக இருந்தால் அது மனத்துயரம். உண்மையான வலி என்றால் 'நீரன்ஷ்மெர்ட்ஸன்' போன்ற நேரடிச் சொல் வரும், எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்ற விவரமும் பெரும்பாலும் தொடரும். ஐயமிருந்தால் கேட்டுவிடுவதே நல்லது. தமிழில் சொல்லும்போது 'வயிற்றைக் கலக்குகிறது' என்று மாற்றிவிடாதீர்கள், அது அச்சத்தைக் குறிப்பது.

வியாசர்பாடி வாசகர்:
எனக்கு வேறொரு எண்ணம். ஆட்டுக்கிடாவை ஏன் பூனையாக்க வேண்டும்? எங்கள் தெருவில் ஆடுகள் வாசலில் வைத்த துளசியையே விடுவதில்லை. 'கிடாவைத் தோட்டக்காரனாக்கினோம்' என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, எழுதியவர் ஜெர்மானியர் என்பதும் மறையாது.

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
கதையென்றால் நானும் அப்படியே விட்டிருப்பேன். அறிக்கையில் தயங்கினேன், பழகாத தொடரில் கிடா என்று வந்தால், அது தம்மையே ஏசுவதாக ஒப்பந்ததாரருக்குப் படலாம். பழகிய பழமொழியில் வரும் பூனை அவ்வளவு உறுத்தாது என்று நினைத்தேன். நிர்வாகம் தொழிலாளர் அறிவிப்புப் பலகைக்கு அந்தப் பூனையையும் எடுத்துவிட்டு, 'பொருளை விற்பவரிடமே அதைச் சோதிக்கும் பொறுப்பையும் கொடுத்துவிட்டோம்' என்று வெறுமையாகப் போட்டுக்கொண்டது.

பெரம்பூர் வாத்தியார்:
பூனை மட்டும் ஏசல் இல்லையா? இதை நான் ஏற்கவில்லை. அது இருக்கட்டும், வேலி பயிரை மேய்ந்ததை நீங்கள் ஜெர்மனுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்?

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
கிடாவைக் கொண்டு போக மாட்டேன், துரோகம் அதில் இல்லை. கடிதமென்றால் 'நம்மைக் காக்க வேண்டியவர்களே நம்மிடம் திருடினார்கள்' என்று நேராக எழுதுவேன். சிறுகதையென்றால் வேலியை வேலியாகவே வைத்துப் பார்ப்பேன், ஜெர்மன் வாசகர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்த பிறகு.